மூன்று நாள் நிகழ்வு காலண்டரில் இரண்டு நாளாகச் சுருங்குகிறது: வாக்கியத்தில் இருக்கும் ‘வரை’யை எப்படி எழுதுவது?

கதிரோலை | 3 பிப்ரவரி 2026, காலை 10.12

ஒரு பயிலரங்கின் நிகழ்ச்சி நிரல் எனக்குக் கடிதமாக வந்திருக்கிறது. அட்டவணை கிடையாது, முழுக்க வாக்கியங்கள். பங்கேற்பவர்கள் தங்கள் காலண்டரில் ஏற்றிக்கொள்ளும்படி அதை ஒரு `.ics` கோப்பாக மாற்றித் தருவது என் பொறுப்பு. முதல் வாக்கியத்திலேயே நிற்கிறேன்.

“பயிலரங்கு மார்ச் 13 வெள்ளி முதல் 15 ஞாயிறு வரை நடைபெறும்.”

இதை இப்படி எழுதினேன்:

```
DTSTART;VALUE=DATE:20260313
DTEND;VALUE=DATE:20260315
```

ஏற்றிப் பார்த்தால் வெள்ளிக்கும் சனிக்கும் மட்டும் வண்ணப் பட்டை ஓடுகிறது, ஞாயிறு காலி. கணினியிலும் அப்படித்தான், கைப்பேசியிலும் அப்படித்தான். காலண்டர் நிரல்கள் எல்லாம் ஒரே பிழையைச் செய்கின்றன என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

நீலத்தாள் | 3 பிப்ரவரி, காலை 10.31

பிழை ஒன்றும் இல்லை. முடிவுத் தேதியோடு எப்போதும் ஒரு நாளைக் கூட்டி எழுதுங்கள். நான் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் செய்கிறேன்.

தெருவிளக்கு | 3 பிப்ரவரி, காலை 10.50

மூன்று நாளையும் ஒரே பக்கத்தில் பெரிதாக அச்சிட்டு வரவேற்பு மேசையில் ஒட்டிவிட்டால் போதுமே? வார்ப்புரு ஒன்று என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

கதிரோலை | 3 பிப்ரவரி, காலை 10.58

அச்சிட அல்ல. அவரவர் காலண்டருக்குள் போக வேண்டும், நினைவூட்டல் ஒலிக்க வேண்டும், இடத்தைத் தொட்டால் வரைபடம் திறக்க வேண்டும்.

வரிசைமாறன் | 3 பிப்ரவரி, காலை 11.40

நீலத்தாள் சொன்ன விடை இந்த வரிக்குச் சரி. ‘எப்போதும்’ என்று சொன்னதுதான் சரியில்லை. அதை அப்படியே பின்பற்றினால் அடுத்த வாக்கியத்திலேயே இடிக்கும்.

2009இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5545தான் இந்தக் கோப்பு வகைக்கு இலக்கணம். அதன்படி `DTEND` என்பது நிகழ்வின் கடைசி நாள் அல்ல. நிகழ்வு முடிந்துபோய்விட்ட முதல் கணம். மணி குறிப்பிடாமல் தேதி மட்டும் கொடுத்தால் அந்தக் கணம் அந்தத் தேதி பிறக்கும் நேரம். நீங்கள் 15 என்று எழுதியதும் நிரல் “ஞாயிறு பிறக்கும்போது முடிந்துவிட்டது” என்று படிக்கிறது, ஞாயிற்றை விட்டுவிடுகிறது. எழுதியதை எழுதியபடி படித்திருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிறும் சேர வேண்டுமென்றால் திங்கள் பிறக்கும் கணத்தைக் கொடுக்க வேண்டும்:

```
DTSTART;VALUE=DATE:20260313
DTEND;VALUE=DATE:20260316
```

மணி குறிப்பிட்ட நிகழ்வுக்கும் இதே விதிதான், ஆனால் அங்கே எதையும் கூட்டக் கூடாது. “9.30 முதல் 10.15 வரை” என்றால் 10.15 என்றே எழுதுகிறோம். 10.15 என்ற கணம் அந்த நிகழ்வுக்குள் வராது. அதனால்தான் 10.15க்குத் தொடங்கும் அடுத்த நிகழ்வோடு அது மோதாமல் ஒட்டி நிற்கிறது. நாமும் பேச்சில் மணியை இப்படித்தான் புரிந்துகொள்கிறோம். நாளைச் சொல்லும்போது மட்டும் கடைசி நாளையும் உள்ளே வைத்துப் பேசுகிறோம். ‘வரை’ இரண்டு வேலை பார்க்கிறது, `DTEND` ஒரே வேலைதான் பார்க்கிறது.

இன்னொன்று. கூகுள் காலண்டருக்கு `.csv` கோப்பாகக் கொடுத்தால் கதை மாறும். அங்கே `End Date` என்பது உண்மையிலேயே கடைசி நாள், 15 என்று எழுதினால் 15ஆம் தேதி சேர்ந்துவிடும். அங்கேயும் ஒரு நாளைக் கூட்டினால் பயிலரங்கு நான்கு நாளாகிவிடும். எந்தக் கோப்பு என்று கேட்காமல் யாரும் இதற்கு விடை சொல்லக் கூடாது.

நீலத்தாள் | 3 பிப்ரவரி, பகல் 12.05

நான் ஏற்றியவை எல்லாமே விடுமுறைப் பட்டியல்கள், முழுநாள் நிகழ்வுகள். `.csv` விவரம் எனக்குப் புதிது. சரி, ‘எப்போதும்’ வேண்டாம்.

கதிரோலை | 3 பிப்ரவரி, பிற்பகல் 2.20

16 என்று மாற்றியதும் பட்டை மூன்று நாளும் ஓடுகிறது. கட்சியைக் கைவிடுகிறேன்.

கடிதத்தின் மீதியைப் போடுகிறேன். இதில் பாதி வாக்கியங்கள் முடிவையே சொல்லவில்லை. நிகழ்வின் பெயர்களைப் பொதுவாக்கியிருக்கிறேன், மற்றபடி வந்தது வந்தபடி:

“வெள்ளிக்கிழமை காலை 9.30க்குத் தொடக்க உரை. 10.15க்கு இடைவேளை. 10.45க்குக் குழு விவாதம், ஒன்றரை மணி நேரம் நடக்கும்; இடம் இரண்டாம் தளம், அறை 204, மேற்கு வாயில் வழியாக வரவும். சனிக்கிழமை இரவு 10.30க்கு முற்றத்தில் திரையிடல், 12.45 வரை. ஞாயிறு மாலை 4 மணிக்கு நிறைவுக் கூட்டம். கட்டுரை அனுப்ப மார்ச் 6 வெள்ளி நள்ளிரவு 12 மணி வரை நேரம் உண்டு. பயிலரங்கின் தொடர்ச்சியாக ஏப்ரல் முதல் ஜூன் வரை செவ்வாய்தோறும் மாலை 6 முதல் 7.30 வரை வாசிப்பு வகுப்பு நடைபெறும்.”

இரவுப்பணி | 3 பிப்ரவரி, மாலை 6.44

திரையிடல் வாக்கியத்தைப் பார்த்ததும் என் சங்கதி நினைவுக்கு வருகிறது. நான் செவிலியர். பணி முறை ஒவ்வொரு மாதமும் “4ஆம் தேதி இரவு 8 முதல் காலை 8” என்று வரும். விரிதாளில் தொடக்கத் தேதியையே முடிவுத் தேதிக்கும் இழுத்து நிரப்பினால், காலை 8க்கு முடிந்துவிட்ட பணி இரவு 8க்குத் தொடங்குவதாக ஆகிறது. ஒரு நிரல் அந்த வரியை ஏற்கவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று ஏற்றுக்கொண்டு ஒரு மெல்லிய கோடாகக் காட்டுகிறது. அந்தக் கோடு கண்ணில் படாமல்தான் ஒரு முறை அதே இரவுக்கு வேறு வேலை ஒப்புக்கொள்ள இருந்தேன். இதற்குச் சூத்திரம் உண்டா?

வரிசைமாறன் | 3 பிப்ரவரி, இரவு 9.15

உண்டு. B தொடக்கத் தேதி, C தொடக்க நேரம், E முடிவு நேரம் என்றால் முடிவுத் தேதிக்கான கட்டத்தில்:

```
=IF(E2<=C2, B2+1, B2)
```

முடிவு மணி தொடக்க மணியைவிடச் சிறியதாக இருந்தால் அது மறுநாள். `<` மட்டும் போதாது, `<=` வேண்டும். காலை 8 முதல் மறுநாள் காலை 8 வரை முழுநாள் பணி வந்தால் இரண்டு மணியும் சமம், அப்போது `<` அதை நீளமே இல்லாத நிகழ்வாக்கிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் எதையும் இந்தச் சூத்திரம் பிடிக்காது. அதற்குத் தேதியைக் கையால்தான் போட வேண்டும்.

திரையிடலும் இதே வகைதான்:

```
DTSTART:20260314T223000
DTEND:20260315T004500
```

‘சனிக்கிழமை இரவு 12.45’ என்று ஏற்பாட்டாளர் எழுதுகிறார், நமக்கும் அது சனிக்கிழமை இரவின் நீட்சிதான். காலண்டருக்கு அது ஞாயிறு, மணி 00:45. வாக்கியத்தில் ‘இரவு 12’, ‘நள்ளிரவு’, ‘அதிகாலை’ ஆகிய மூன்றில் எது வந்தாலும் தேதியைத் தனியாக ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

கதிரோலை | 4 பிப்ரவரி, காலை 8.30

அப்படியானால் கட்டுரைக்கான கெடு? “மார்ச் 6 வெள்ளி நள்ளிரவு 12 மணி வரை.” வெள்ளி பிறக்கும் 12 மணியா, வெள்ளி முடியும் 12 மணியா?

நீலத்தாள் | 4 பிப்ரவரி, காலை 8.52

வெள்ளி முடியும்போதுதான். வேறு யாரும் வேறு மாதிரி படிக்க மாட்டார்கள்.

வரிசைமாறன் | 4 பிப்ரவரி, காலை 9.40

படிப்பார்கள். காலண்டரின் கண்ணில் ‘6ஆம் தேதி 12 மணி இரவு’ என்றால் `20260306T000000`, அதாவது வியாழன் இரவு கழிந்த அடுத்த கணம். இரண்டு வாசிப்புக்கும் இடையில் ஒரு முழு நாள் இருக்கிறது. அனுப்புபவருக்கு அது கட்டுரை ஏற்கப்படுமா இல்லையா என்ற கேள்வி. நீங்களே தீர்மானிக்காதீர்கள், ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். வெள்ளி முடிவுதான் என்றால் 23:59 என்று எழுதிவிடுங்கள், அதைப் படிப்பவருக்கு இரண்டாவது அர்த்தமே கிடைக்காது.

கதிரோலை | 4 பிப்ரவரி, காலை 9.55

கேட்டு எழுதிவிட்டேன், பதில் வரட்டும். முடிவே சொல்லாத இரண்டு நிகழ்வுகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை: தொடக்க உரை, நிறைவுக் கூட்டம்.

வரிசைமாறன் | 4 பிப்ரவரி, பகல் 1.10

இந்த வேலையில் எனக்கு மிகவும் அக்கறை உள்ள இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாக்கியத்திலிருந்து நேராகக் கோப்புக்குப் போகாதீர்கள். நடுவில் ஒரு அட்டவணை போடுங்கள். அதில் நிகழ்வு, தொடக்கம், முடிவு, இடம் ஆகிய பத்திகளோடு இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும். ஒன்றில் மூல வாக்கியத்தை அப்படியே ஒட்டுங்கள். இன்னொன்றில் முடிவு எப்படிக் கிடைத்தது என்று எழுதுங்கள். கடிதமே சொன்னதா, கணக்குப் போட்டதா, ஊகமா?

உங்கள் கடிதத்தை அப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். திரையிடலின் முடிவைக் கடிதமே சொல்கிறது. குழு விவாதத்தின் முடிவு கணக்கு: 10.45உடன் ஒன்றரை மணி, ஆக 12.15. தொடக்க உரையின் முடிவு எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் 10.15க்கு இடைவேளை என்பதால் அதற்குள் முடிந்தாக வேண்டும். அடுத்த நிகழ்வு எல்லை கட்டுகிறது என்பதால் இதையும் கணக்கில் சேர்க்கலாம். இடைவேளையின் முடிவும் அதேபோல் 10.45. நிறைவுக் கூட்டத்துக்கு அடுத்து எதுவுமே இல்லை. அங்கே என்ன எழுதினாலும் அது ஊகம்.

கணக்கில் கிடைத்ததைத் தயங்காமல் எழுதலாம். ஊகத்தை ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி எழுத வேண்டும். ஒருவர் அந்த முடிவை நம்பித்தான் ஊர் திரும்பும் டிக்கெட் எடுப்பார்.

நீலத்தாள் | 4 பிப்ரவரி, பகல் 1.38

அதற்கு `DTEND` வரியையே விட்டுவிடலாமே? கட்டாயம் இல்லை என்று படித்திருக்கிறேன்.

வரிசைமாறன் | 4 பிப்ரவரி, பகல் 2.02

கட்டாயம் இல்லைதான். மணியோடு தொடங்கும் நிகழ்வில் `DTEND`, `DURATION` இரண்டுமே இல்லாவிட்டால், தொடங்கிய கணத்திலேயே முடிவதாக இலக்கணம் சொல்கிறது. அதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது ஒவ்வொரு நிரலின் விருப்பம். அந்த நேரம் ‘காலியாக இருக்கிறார்’ என்று மற்றவர்களுக்குத் தெரியவும் வாய்ப்பு உண்டு. நான் விட மாட்டேன்.

இரவுப்பணி | 4 பிப்ரவரி, மாலை 7.20

நான் ஒரு மணி நேரம் என்று போட்டுவிடுவேன். பெரும்பாலான கூட்டங்கள் அதற்குள் முடிந்துவிடுகின்றன.

சுவடி | 4 பிப்ரவரி, இரவு 8.03

முடிவதில்லை அக்கா. நிறைவுக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்து நான் பார்த்ததே இல்லை. ஊகிக்கத்தான் வேண்டும் என்றால் நீளமாக ஊகிக்க வேண்டும். சீக்கிரம் முடிந்தால் யாருக்கும் இழப்பில்லை.

வரிசைமாறன் | 4 பிப்ரவரி, இரவு 8.40

நீளமாக ஊகித்தால் அந்த மாலையின் வேறு அழைப்புகளை ஒருவர் வீணாக மறுக்கிறார். குறைத்து ஊகித்தால் பாதியில் எழுந்து போகிறார். இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நான் செய்வது இது: இரண்டு மணி நேரம் போட்டு, தலைப்பிலேயே “நிறைவுக் கூட்டம் (முடியும் நேரம் அறிவிக்கப்படவில்லை)” என்று எழுதுகிறேன். விளக்கத்துக்குள் எழுதினால் யாரும் திறந்து பார்ப்பதில்லை, தலைப்பில் இருந்தால் பார்த்தே ஆக வேண்டும். `STATUS:TENTATIVE` என்ற வரியும் உண்டு, ஆனால் அது நிகழ்வே உறுதியில்லை என்று சொல்கிறது. இங்கே கூட்டம் உறுதி, முடிவுதான் தெரியாது.

சுவடி | 5 பிப்ரவரி, காலை 7.15

இரண்டு மணி நேரம் என்பதும் குறைவு என்றே இன்னும் நினைக்கிறேன். அது இருக்கட்டும். நான் `.csv` வழியாகப் போகிறவன், என் சிக்கல் வேறு. இதே போன்ற பட்டியலை ஏற்றியபோது மார்ச் 6 கெடு ஜூன் 3ஆம் தேதியில் போய் உட்கார்ந்துகொண்டது. 13ஆம் தேதி நிகழ்வோ ஏறவே இல்லை. ஒரே கோப்பு, ஒரே முறை. இது ஏன்?

வரிசைமாறன் | 5 பிப்ரவரி, காலை 8.05

உங்கள் அறிகுறியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் நாளை முதலில் எழுதினீர்கள், நிரல் மாதத்தை முதலில் படித்தது. `06/03/2026` அதற்கு ஜூன் 3. `13/03/2026`ஐ அப்படிப் படிக்க முடியாது, பதின்மூன்றாம் மாதம் கிடையாது, ஆகவே தள்ளிவிட்டது. 12ஆம் தேதி வரையுள்ளவை இடம் மாறுவதும் அதற்குப் பிந்தியவை காணாமல் போவதும் ஒன்றாகத் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். காணாமல் போனதாவது கண்ணில் படும். இடம் மாறியதுதான் ஆபத்து, அது எந்தப் புகாரும் இல்லாமல் வேறு மாதத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும்.

மாதத்தை முதலில் எழுதுங்கள்:

```
Subject,Start Date,Start Time,End Date,End Time,Location
கட்டுரை கெடு,03/06/2026,11:30 PM,03/06/2026,11:59 PM,
குழு விவாதம்,03/13/2026,10:45 AM,03/13/2026,12:15 PM,"அறை 204, இரண்டாம் தளம்"
```

தலைப்பு வரி ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில் இருக்க வேண்டும். இடத்துக்குள் காற்புள்ளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும், இல்லையென்றால் ‘இரண்டாம் தளம்’ அடுத்த பத்திக்கு நழுவிவிடும்.

சுவடி | 5 பிப்ரவரி, காலை 8.30

சரியாக வந்துவிட்டது. எக்செல்லில் சேமித்ததில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியானது. `CSV UTF-8` என்று வேறொரு தெரிவு இருக்கிறது, அதைத் தேர்ந்ததும் சரியானது. அடுத்து வருபவருக்காக எழுதி வைக்கிறேன்.

கதிரோலை | 5 பிப்ரவரி, காலை 11.12

இடத்தைப் பற்றி என் பங்குக்கு ஒரு கேள்வி. “இரண்டாம் தளம், அறை 204, மேற்கு வாயில் வழியாக வரவும்” என்பதை முழுக்க `LOCATION`இல் போட்டால் வரைபடம் திறந்து எதையும் கண்டுபிடிக்காமல் விழிக்கிறது.

வரிசைமாறன் | 5 பிப்ரவரி, பகல் 12.30

வரைபடத்துக்குக் கட்டடத்தின் பெயரும் முகவரியும்தான் புரியும். அறை எண் மனிதருக்கு. இரண்டும் வேண்டும் என்பதால் `LOCATION`இல் அறையை முன்னால் வைத்து, பிறகு கட்டடப் பெயரும் முகவரியும் எழுதுகிறேன். கைப்பேசியின் சிறிய திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும், அவை அறையாக இருக்கட்டும். இப்படி எழுதியும் சில வரைபடங்கள் தடுமாறும். அப்போது அறையைத் தலைப்புக்கு நகர்த்திவிடுங்கள். ‘மேற்கு வாயில் வழியாக வரவும்’ என்பது இடம் அல்ல, வழிகாட்டல். அது விளக்கத்துக்குப் போகட்டும்.

`.ics` கோப்பில் காற்புள்ளிக்கு மேற்கோள் உதவாது, முன்னால் ஒரு பின்சாய்கோடு `\` வேண்டும். அரைப்புள்ளிக்கும் அதேதான். ஒரு முழுக் கோப்பைத் தருகிறேன்:

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//payilarangu//niral 1//TA
BEGIN:VEVENT
UID:kuzhu-vivadham-20260313@example.org
DTSTAMP:20260205T070000Z
DTSTART:20260313T104500
DTEND:20260313T121500
SUMMARY:குழு விவாதம்
LOCATION:அறை 204\, இரண்டாம் தளம்
DESCRIPTION:மேற்கு வாயில் வழியாக வரவும்
END:VEVENT
END:VCALENDAR
```

கட்டட முகவரியை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீலத்தாள் | 5 பிப்ரவரி, பகல் 12.48

`DTSTAMP`இல் Z இருக்கிறது, `DTSTART`இல் இல்லை. எல்லாவற்றிலும் Z போட்டால்தான் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் சரியாக வரும்.

வரிசைமாறன் | 5 பிப்ரவரி, பகல் 1.15

Z என்றால் அந்த மணி உலகப் பொது நேரம் என்று அர்த்தம். அரங்கின் மணியை மாற்றாமல் Zஐ மட்டும் ஒட்டினால், பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கும் ஊரில் 10.45 விவாதம் மாலை 4.15க்குத் தெரியும். மாற்றிக் கணக்கிட்டுப் போட்டால் நீங்கள் சொல்வது சரி.

நான் Z இல்லாமல் விட்டிருப்பது எல்லோரும் ஒரே அரங்குக்கு வருவதால். அப்படி எழுதினால் பார்ப்பவரின் கருவி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அதில் 10.45 என்று காட்டும். வேறு நாட்டிலிருந்து இணையத்தில் சேர்பவர் ஒருவர் இருந்தாலும் இது போதாது, நேர மண்டலத்தைக் கட்டாயம் குறிக்க வேண்டும். கதிரோலை, அப்படி யாராவது உண்டா?

கதிரோலை | 5 பிப்ரவரி, பகல் 1.40

இல்லை. எல்லோரும் நேரில்தான். செவ்வாய் வகுப்பும் நேரில்தான், ஆனால் அது எனக்குப் புதிய வடிவில் தொல்லை தருகிறது. ஏப்ரல் 7 மாலை 6 தொடக்கம், ஜூன் 30 மாலை 7.30 முடிவு என்று போட்டேன். மூன்று மாதத்துக்கும் ஒரே பட்டை, காலண்டரே நிறம் மாறிவிட்டது.

வரிசைமாறன் | 5 பிப்ரவரி, பகல் 2.25

அந்த வாக்கியத்தில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒரு வகுப்பு 7.30க்கு முடிகிறது, தொடர் ஜூனில் முடிகிறது. `DTEND` முதல் வகுப்பின் முடிவை மட்டுமே கேட்கிறது. தொடரின் முடிவு `RRULE` வரிக்குள் போக வேண்டும்:

```
DTSTART:20260407T180000
DTEND:20260407T193000
RRULE:FREQ=WEEKLY;COUNT=13
```

ஏப்ரல் 7 முதல் ஜூன் 30 வரை 13 செவ்வாய்கள். `COUNT`க்குப் பதில் `UNTIL` என்று தேதியும் கொடுக்கலாம், ஆனால் `UNTIL=20260630T000000` என்று எழுதினால் கடைசி வகுப்பு காணாமல் போகும். அது அன்று மாலை 6க்குத்தானே தொடங்குகிறது, எல்லை நள்ளிரவிலேயே விழுந்துவிட்டது. உங்கள் முதல் கேள்வியில் ஞாயிறு போனது போலத்தான் இதுவும். மணி இல்லாத தேதி என்பது அந்த நாளின் தொடக்கம் என்று ஒரு தடவை மனத்தில் பதிந்துவிட்டால் இரண்டு இடத்திலும் கை தானாக நிற்கும்.

சுவடி, கூகுளின் `.csv`யில் தொடரைச் சொல்லப் பத்தியே இல்லை. நீங்கள் 13 வரிகள் எழுத வேண்டும்.

சுவடி | 5 பிப்ரவரி, மாலை 5.10

எழுதுவேன். இடையில் ஒரு வகுப்பு ரத்தானால் ஒரு வரியை அழித்தால் போதும், எனக்கு அதுதான் வசதி.

கதிரோலை | 9 பிப்ரவரி, காலை 9.05

ஏற்பாட்டாளரின் பதில் வந்தது. கெடு வெள்ளி முடிவுதான், நீலத்தாள் ஊகித்தது சரி. கடிதத்திலேயே ‘இரவு 11.59’ என்று திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வியாழன் இரவு என்று எண்ணி அவசரப்பட்டிருக்கிறார்களாம். நிறைவுக் கூட்டத்தின் முடிவு அவர்களுக்கும் தெரியவில்லை, “பேச்சாளர்களைப் பொறுத்தது” என்கிறார்கள்.

வெறும் காலண்டர் ஒன்றைப் புதிதாகத் திறந்து அதில்தான் முதலில் ஏற்றிப் பார்க்கிறேன். என் சொந்தக் காலண்டரில் ஏற்றியிருந்தால் அந்த மூன்று மாதப் பட்டையைத் தேடித் துடைத்துக்கொண்டிருப்பேன். இங்கே காலண்டரையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

வரிசைமாறன் | 9 பிப்ரவரி, காலை 10.20

நல்ல முறை. ஏற்றிய பிறகு வாரக் காட்சியில் பாருங்கள், பட்டியல் காட்சியில் வேண்டாம். நீளம் பிசகியது, ஒன்றின்மேல் ஒன்று ஏறியது, மெல்லிய கோடாகச் சுருங்கியது எல்லாம் வாரக் காட்சியில்தான் கண்ணில் படும்.

கதிரோலை | 2 மார்ச், மாலை 4.30

கோப்பு எல்லோருக்கும் போய்விட்டது. இப்போது ஒரு வரிக் கடிதம் வந்திருக்கிறது: “சனிக்கிழமைத் திரையிடல் அரை மணி நேரம் தள்ளி 11 மணிக்குத் தொடங்கும்.” முடிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 12.45ஐ அப்படியே விடுவதா, 1.15 ஆக்குவதா?

வரிசைமாறன் | 2 மார்ச், மாலை 5.05

படத்துக்குச் சொந்த நீளம் உண்டு. தொடக்கம் தள்ளினால் முடிவும் தள்ளும், 1.15 என்றே வைக்கலாம். உரையோ விவாதமோ என்றால் நான் தள்ள மாட்டேன், அடுத்த நிகழ்வு அதன் முடிவைக் கட்டிப்போட்டிருக்கும்.

`UID`ஐ மாற்றாமல், `SEQUENCE:1` என்று ஒரு வரி சேர்த்து, `DTSTAMP`ஐப் புதுப்பித்து அனுப்புங்கள். பழைய பதிவின் இடத்தில் புதியது உட்கார அதுதான் வழி. எல்லா நிரலும் இதை ஒழுங்காக மதிப்பதில்லை, சிலருக்கு இரண்டு திரையிடல்கள் தெரியக்கூடும். கடிதத்தில் அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இரவுப்பணி | 2 மார்ச், இரவு 10.50

முற்றத்தை 1.15 வரை திறந்து வைக்க அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்கள் வளாகத்தில் 1 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், படம் எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

கதிரோலை | 3 மார்ச், காலை 7.50

அதை நான் யோசிக்கவே இல்லை. கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை தொடக்கத்தை 11 ஆக்கி, முடிவை 1.15 என வைத்து, தலைப்பில் ‘முடியும் நேரம் உறுதியாகவில்லை’ என்று சேர்த்து அனுப்புகிறேன்.